பதினோரு மணி டீயும் நோன்பும்

பிப்ரவரி 14, 2025, வெள்ளி

நோன்புக்கு இன்னும் இரண்டு வாரம். போன வருடம் முதல் மூன்று நாளும் அஸருக்குப் பிறகு நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நோன்பு திறந்து தண்ணீர், பேரீச்சை, இரண்டு கிண்ணம் கஞ்சி என்று எல்லாம் உள்ளே போயும் வலி நின்றபாடில்லை. மக்ரிப் தொழுதுவிட்டு வந்து காபி குடித்த அரைமணி நேரத்தில் காணாமல் போனது. பசியோ தாகமோ காரணமென்றால் கஞ்சிக்கே அடங்கியிருக்க வேண்டும்.

இன்று எண்ணிப் பார்த்தேன். காலை 6 மணிக்கு ஃபில்டர் காபி, கடையில் 11, 2, 4 மணிக்கு டீ, இரவு 7 மணிக்கு மறுபடி காபி. சிகரெட் ஏறத்தாழ பத்து.

பிப்ரவரி 17, திங்கள்

புத்திசாலித்தனமாக நேற்று ஒரேயடியாக எல்லா டீ, காபியையும் நிறுத்தினேன். நேற்று சாயங்காலம் கொட்டாவி. இன்று மதியம் கண்ணுக்குப் பின்னால் விண்விண்ணென்று தெறித்தது, ஷட்டர் சத்தம்கூடப் பொறுக்கவில்லை. காஃபின் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கியே வைத்திருக்கும். அது திடீரென நின்றால் குழாய் விரியும், தலை இடிக்கும். கடைசி டம்ளருக்கு 12 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் ஒரு வாரம்கூட இழுக்கலாம்.

நாலு மணிக்குப் பாதி டம்ளர் டீ வாங்கிக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. காரணம் பிடிபட்டது.

பிப்ரவரி 22, சனி

இப்போது மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் என்று குறைக்கிறேன். முதலில் விட்டது 11 மணி டீ. இன்றோடு 2 மணி டீயும் இல்லை. பகல் டீயைத்தான் முதலில் விடவேண்டும், நோன்பில் கிடைக்காதது அதுதானே. கடைக்காரர் “என்ன பாய், கோவமா?” என்றார். காலைக் காபியைத் தினமும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, ஐந்து மணிக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில்தான் முணுமுணுப்பு, எழுந்து டிகாக்‌ஷன் போடுவது நானே என்றாலும்.

மார்ச் 2, ஞாயிறு (முதல் நோன்பு)

சஹரில் முக்கால் டம்ளர் காபி. நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம், அந்தக் காபி அதைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. ஐந்து மணிவாக்கில் தலை லேசாகக் கனத்தது, வலி இல்லை.

ஆனால் சிகரெட் என் கணக்கில் வரவில்லை. பாங்குக்கு முன்னால் இரண்டு இழுத்துவிட்டுப் படுத்தேன். பத்து மணிக்கே விரல் எதையோ தேடியது. பொத்தான் பெட்டியை மாற்றி வைத்ததற்குக் கடைப்பையனிடம் கத்திவிட்டேன். நிகோடின் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சஹரில் எத்தனை இழுத்தாலும் மதியம்வரை தாங்காது. நோன்பு திறந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று இழுத்தேன், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

பகல் முழுக்கப் பட்டினி, இரவில் நாலைந்து. இது விட்டதாகவும் ஆகாது, பிடித்ததாகவும் ஆகாது. நிகோடின் இல்லாத எரிச்சல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு வாரக்கணக்கில் மெல்லத் தணிய வேண்டியது. நான் ஒவ்வொரு இரவும் அதை முதல் படிக்கே தள்ளிக்கொண்டிருக்கிறேன். காபியைக் குறைத்துச் சமாளிக்கலாம், சிகரெட்டில் இரவையும் விட்டால்தான் பகல் அடங்கும்.

ஹஸ்ரத்திடம் கேட்டேன். நிகோடின் சூயிங்கம் நோன்பை முறிக்கும், தோலில் ஒட்டும் பட்டை வயிற்றுக்குப் போவதில்லை, முறிக்காது என்றார். மருத்துவரிடம் காட்டியதில், பத்துக்கு மேல் போகாதவனுக்கு 14 மில்லிகிராம் பட்டை போதும் என்றார். சஹரில் கையில் ஒட்டிக்கொள்வது, தினமும் இடம் மாற்றுவது. இதய நோய் இருப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாதாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து நாளாக சிகரெட் இல்லை. ஒட்டிய இடம் அரிக்கிறது. ஒரு விசித்திரம்: தராவீஹ் முடிந்து வந்தால் தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது. காரணம் சிகரெட்தான், அதுவும் அது இல்லாததால். புகை பிடிப்பவன் உடம்பு காஃபினை வேகமாகக் கழிக்கும். புகையை விட்டால் அதே காபி நெடுநேரம் ரத்தத்தில் தங்கும். இரவு 7 மணிக் காபியைப் பாதியாக்கினேன்.

கடைப்பையன் இன்று சாயங்காலம் பொத்தான் பெட்டியைத் தவறுதலாகக் கவிழ்த்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். பாங்கு சொல்ல இன்னும் இருபது நிமிடம் இருந்தது.