ஐந்து கை கார்பன்

அக்கா மகளின் வகுப்புக் குறிப்பில் இன்று ஐந்து கை உள்ள ஒரு கார்பனைப் பார்த்தேன்.

எத்தில் அசிடேட்டுடன் சோடியம் ஹைட்ராக்சைடு. OH⁻-இலிருந்து கார்பனைல் கார்பனுக்கு ஒரு அம்பு. அதோடு சரி.

"ரெண்டாவது அம்பு மறந்துபோச்சு மாமா."

மறக்கக்கூடிய விஷயமா அது? அம்பு என்பது நகரும் ஒரு ஜோடி எலக்ட்ரான். ஆக்சிஜன் தன் ஜோடியைக் கொடுத்துப் பிணைப்பு போடுகிறது. கார்பனுக்கு ஏற்கெனவே நான்கு பிணைப்புகள். ஐந்தாவதற்கு இடமில்லை. அதனால் C=O-வின் பை ஜோடி மேலே ஆக்சிஜனுக்குப் போயே ஆக வேண்டும்.

அப்புறம் அந்த O⁻ தன் ஜோடியைத் திரும்ப இறக்குகிறது. மறுபடி நெருக்கடி. இந்த முறை எத்தாக்சைடு தன் ஜோடியோடு வெளியேறுகிறது. (OH⁻-உம் வெளியேறலாம். அப்படி நடந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.)

"அப்ப அசிட்டிக் அமிலம்தானே கிடைக்கணும்? நோட்ஸ்ல சோடியம் அசிடேட்னு இருக்கே?"

நல்ல கேள்வி. எத்தாக்சைடு வலுவான காரம், பக்கத்திலேயே அமிலம். அதன் புரோட்டானை உடனே பிடுங்கிக்கொண்டு எத்தனாலாகிவிடும்; மிஞ்சுவது அசிடேட். அமிலத்தின் pKa சுமார் 5, எத்தனாலுக்கு 16. அதனால்தான் இந்த வினை திரும்புவதில்லை.

அந்த அம்பையும் அவளே போட்டாள். ஆனால் H-இலிருந்து தொடங்கினாள். கொடுக்க அந்த H-இடம் எலக்ட்ரான் ஏது?

அழித்துவிட்டு எத்தாக்சைடிலிருந்து போடுகிறாள்.