தீபாவளிக்கு எத்தனை நாள் என்று எண்ணாமல், முன்பதிவுக்கு எத்தனை நாள் என்று எண்ணினோம்

கும்பகோணத்தில் என் மாமா நடத்தும் சிறிய இனிப்புக் கடைக்காக, 2025 தீபாவளி வாரத்தில் நாளுக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் படம் செய்து தரும் பொறுப்பை ஏற்றேன். பண்டிகை அக்டோபர் 20, திங்கட்கிழமை. கடையின் எண்ணைத் தாங்கள் சேமித்து வைத்திருந்து, கடையின் கைப்பேசியிலும் தங்கள் எண் சேமிக்கப்பட்டிருப்பவர்கள் மட்டுமே அந்தப் படங்களைப் பார்க்க முடியும் என்பதால், முதல் இரண்டு நாட்களை ரசீதுப் புத்தகத்தில் இருந்த வாடிக்கையாளர்களின் எண்களைப் பதிவதிலேயே செலவிட்டோம்.

12ஆம் தேதி ஞாயிறு இரவு போட்ட முதல் படத்தில் "தீபாவளிக்கு இன்னும் 8 நாட்கள்" என்ற வரி, ஆறு இனிப்புகளின் விலை, தொலைபேசி எண், கடையின் நேரம் என எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். அது தவறு என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். ஆகவே திங்கள் மாலை பார்த்தவர்களுக்கும் அது எட்டு நாள் என்றே சொன்னது. உண்மையில் அப்போது ஏழு நாள்தான் இருந்தது. அதைவிட முக்கியமாக, கடைக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை "ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் எது?" என்றே கேட்டன. அந்த ஒரு செய்திதான் படத்தில் இல்லை. தீபாவளி என்றைக்கு என்பது நாட்காட்டி மாட்டிய எல்லா வீட்டிலும் தெரியும். அதிரசத்துக்கு என்றைக்குள் சொல்ல வேண்டும் என்பது கடைக்கு மட்டுமே தெரியும்.

அன்று இரவு மாமாவுடனும் மாஸ்டருடனும் அடுப்படியில் உட்கார்ந்து வேலை வரிசையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதிரசத்துக்கு ஊறிய பச்சரிசியை இடித்து, வெல்லப் பாகில் கிளறி, அந்த மாவை இரண்டு நாளாவது புளிக்க வைத்த பிறகே எண்ணெயில் போட முடியும். சனிக்கிழமை சுட வேண்டுமென்றால் வியாழன் காலையில் மாவு கிளறியாக வேண்டும். அப்படியானால் எத்தனை கிலோ என்பது புதன் இரவுக்குள் தெரிந்தாக வேண்டும். லட்டு, மைசூர்பாகு போன்ற நெய் இனிப்புகளுக்கு வெள்ளி இரவு வரை பொறுக்கலாம். பால் இனிப்புகளை முன்கூட்டிச் செய்து வைக்கவே கூடாது என்று மாஸ்டர் உறுதியாகச் சொன்னார். சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதி வரை உண்ணலாம் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பதால், பால் இனிப்புகளை ஞாயிற்றுக்கிழமை அன்றே செய்து அன்றே விற்பதென்று முடிவாயிற்று.

படங்களின் வரிசை இந்த அடுப்படிக் கணக்கிலிருந்து தானாக வந்தது. செவ்வாய்க்கிழமை, "அதிரசம் முன்பதிவு: புதன் 15, இரவு 8 மணி வரை" என்று மட்டும் எழுதினேன். புதன்கிழமை, "அதிரசம்: இன்று, புதன் 15, இரவு 8 மணியோடு முடிகிறது" என்று போட்டேன். "இன்று" என்ற சொல் தனியாக நின்றால், படம் மறுநாளும் யாருடைய கைப்பேசியிலாவது திறக்கும்போது பொய்யாகிவிடும். அதனால் கிழமையும் தேதியும் அதன் அருகிலேயே இருந்தன. நாள் எண்ணிக்கையை முற்றிலும் விட்டுவிட்டேன். நெருங்கி வரும் தேதியே எண்ணிக்கையின் வேலையைச் செய்தது.

விலையை ஏன் எடுத்துவிட்டாய் என்று மாமா வருந்தினார். ஒரு படம் சில விநாடிகளே திரையில் நிற்கும் என்றும், அதற்குள் ஆறு விலைகளைப் படிப்பவர் தேதியைப் படிக்கமாட்டார் என்றும் எடுத்துச் சொன்னேன். விலைப்பட்டியலைத் தனிப் படமாக வியாழக்கிழமை காலை போட்டோம். அன்று அதுவே ஒரே செய்தி. வெள்ளிக்கிழமை நெய் இனிப்புகளின் கடைசி நேரம், சனிக்கிழமை முன்பதிவு செய்தவர்கள் பெட்டியை எடுத்துச்செல்ல வேண்டிய நேரம், ஞாயிற்றுக்கிழமை பால் இனிப்பு என்று மற்றவை தொடர்ந்தன.

எல்லாப் படங்களையும் 1080 அகலம், 1920 உயரம் என்ற அளவில் செய்து, எழுத்தை நடுப்பகுதிக்குள் வைத்தேன். மேலே கடையின் பெயரும், கீழே பதில் எழுதும் பெட்டியும் வந்து மூடிவிடும். "முன்பதிவு" என்ற சொல் ஒரு வரைவில் "முன்பதி" என்று முறிந்து அடுத்த வரியில் "வு" தனியாக விழுந்திருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் போடும் முன் அத்தையின் பழைய கைப்பேசிக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன்.

நான் மிகவும் கவனமாக இருந்தது பழைய படத்தை நீக்குவதில்தான். ஸ்டேட்டஸில் முதலில் போட்டதே முதலில் ஓடும். நேற்றைய படம் நீங்காமல் இருந்தால், புதிதாக வருபவர் முடிந்துபோன தேதியைத்தான் முதலில் படிப்பார். ஆகவே காலை ஆறு மணிக்குப் போடுவதும், முன்பதிவு முடியும் நாட்களில் இரவு எட்டு மணிக்கு எடுத்துவிடுவதும் வழக்கமாயிற்று. புதன் இரவு எட்டு மணிக்குப் படத்தை எடுத்துவிட்டுப் புத்தகத்தைக் கூட்டியபோது அதிரசம் 46 கிலோ வந்திருந்தது. மறுநாள் காலை மாஸ்டர் அதற்கேற்ற அளவில் பாகு வைத்தார்.