ஓ.டி. லிஸ்ட் வினாவை நான் எழுதிய விதம்

அறுவை அரங்க டெக்னீஷியன் தேர்வில் எனக்கு வந்த வினா இது: அன்றைய கேஸ்களை எந்த வரிசையில், எத்தனை மணிக்குச் செய்வது என்று ஓ.டி. லிஸ்ட் போட வேண்டும். ஒரே தியேட்டர், காலை 8 முதல் மாலை 4 வரை. கேஸ் ஐந்து: குழந்தைக்குக் குடலிறக்கம் 60 நிமிடம், இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிக்கு லேப்ராஸ்கோப்பில் பித்தப்பை 90, இன்னொருவருக்கும் அதே பித்தப்பை 90, பெரியவருக்கு வலை வைத்துக் குடலிறக்கம் 90, ஆசனவாய் அருகே சீழ்க்கட்டி 40. இடையில் சுத்தம் செய்ய 20 நிமிடம், சீழ் கேஸுக்குப் பின் 30. லேப்ராஸ்கோப் செட் ஒன்றுதான். கழுவி ஸ்டெரிலைஸ் ஆகி வர 2 மணி நேரம்.

முதலில் பார்க்க வேண்டியது, கொடுத்த நேரம் எதைக் குறிக்கிறது என்பது. நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரையா, கத்தி வைத்ததிலிருந்து தையல் வரையா? பின்னது என்றால் மயக்கம் கொடுக்கவும் தெளியவும் ஆகும் நேரத்தையும் கூட்ட வேண்டும். இந்த வினாவில் முன்னது.

குழந்தையும் சர்க்கரை நோயாளியும் வெகுநேரம் பட்டினி கிடக்கக் கூடாது, அதனால் முன்னால். 8 முதல் 9 குழந்தை, 9.20 முதல் 10.50 பித்தப்பை. அடுத்து இரண்டாவது பித்தப்பையைப் போடத் தோன்றும். ஆனால் செட் 12.50க்குத்தான் வரும், தியேட்டர் 100 நிமிடம் சும்மா கிடக்கும். வலை வைக்கும் கேஸை நடுவில் போட்டால் 11.10 முதல் 12.40. சுத்தம் முடிந்து 1 மணிக்குச் செட் தயார், பித்தப்பை 2.30 வரை. 2.50க்குச் சீழ்க்கட்டி, 3.30க்கு முடியும். சுத்தமும் சேர்த்துச் சரியாக 4 மணி.

வினாவின் இரண்டாம் பகுதிதான் உண்மையான சோதனை. 10 மணிக்குக் குடல்வால் வெடித்த நோயாளி வருகிறார். வயிற்றைத் திறந்து செய்ய 70 நிமிடம், பின் சுத்தம் 40. யாரைத் தள்ளுவது? பலர் கடைசியில் இருக்கும் சீழ்க்கட்டியைத் தள்ளுவார்கள். அது தவறு. அடுத்தவருக்குத் தொற்று போகாமல் இருக்கத்தான் அது கடைசியில் இருக்கிறது. அவசரம் குறைவு என்பதால் இல்லை. சீழை அன்றே வெளியேற்ற வேண்டும். காத்திருக்கக் கூடியவர் இரண்டாவது பித்தப்பை நோயாளிதான். வலியும் காய்ச்சலும் இல்லாமல், திட்டமிட்டு வந்தவர் அவர்.

அப்புறம் கணக்கு எளிது. 11.10 முதல் 12.20 குடல்வால், 1 மணி வரை சுத்தம், 2.30 வரை வலை கேஸ், 2.50க்குச் சீழ்க்கட்டி. வெடித்த குடல்வாலுக்குப் பிறகு வலை வைப்பதால் அந்த 40 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கக் கூடாது என்று எழுதினேன். இந்த வரியை விடாதீர்கள். வலையில் தொற்று வந்தால் அதையே எடுக்க வேண்டி வரலாம்.

கடைசியாக ஒன்றும் சேர்த்தேன்: அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒப்புக்கொண்டதும், தள்ளிப்போன நோயாளிக்கு வார்டு வழியாக 10 மணிக்கே சொல்லிவிட வேண்டும். மாலை வரை வெறும் வயிற்றோடு காத்திருக்காமல் அவர் அப்போதே சாப்பிடலாம்.