மெதுவாக ஏறும் சார்ஜ்: பழுது வயரிலா, அடாப்டரிலா?

ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கம் போன் சார்ஜ் ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் குறை சொல்வது லைன் கரண்டைத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. கச்சானுக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கும் நாட்களில் பின்னேரமானால் தோட்டக்கிணறுகளில் மோட்டர்கள் ஒன்றாக ஓடும், வீட்டு லைட் மங்கும், ஃபேன் தள்ளாடும். மாமியும் அதையேதான் சொன்னார். "பின்னேரத்தில கரண்ட் குறைவு தம்பி, அதுதான் ஏறுதில்லை. விடிய விடியப் போட்டாலும் நிரம்புதில்லை." கனடாவில் இருக்கும் மகள் கூப்பிடும் நேரத்தில் போன் செத்துக் கிடக்கிறது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். லைன் வோல்ற் குறைவதால் போன் மெதுவாக ஏறும் என்ற கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் INPUT: 100-240V~ என்று இருக்கும். உள்ளே வரும் கரண்டை அது முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு வெட்டி வெட்டி, வெளியில் 5 வோல்ற் நிற்கும்படி தானே சரிசெய்துகொள்ளும். அதனால் 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆனாலும் மாமியிடம் வாயால் சொல்லி என்ன பயன்? அளந்து காட்டுவோம் என்று இறங்கினேன்.

கையில் இருந்தவை அதிகமில்லை. அடாப்டருக்கும் வயருக்கும் இடையில் செருகும் சிறிய யூஎஸ்பி மீற்றர் ஒன்று. அது வோல்ற்றையும் அம்பியரையும் சேர்த்துக் காட்டும். சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று. போனுக்குப் பதிலாகச் சுமையாக நின்று கரண்ட் இழுக்க 4.7 ஓம், 10 வாட் சீமெந்து ரெசிஸ்டர் இரண்டு. டைப்-சி பெண் சொக்கெட் பொருத்திய சின்னப் பலகை ஒன்று, இதில் VBUS என்று எழுதிய 5 வோல்ற் வரும் இடத்திலும் GND என்று எழுதிய திரும்பும் இடத்திலும் வயர் ஒட்டலாம். இந்தப் பலகைதான் முக்கியம். போன் செருகப்படும் அதே முனையில் எவ்வளவு வோல்ற் வந்து சேருகிறது என்று அளக்க வேறு எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் எதையும் மாற்றாமல், மாமி பாவிக்கும் நிலையிலேயே பார்த்தேன். 5 வோல்ற் 2 அம்பியர் என்று எழுதிய அடாப்டர், கட்டில் வரை எட்டும் இரண்டு மீற்றர் வயர், பற்றரி பாதிக்கும் கீழே, திரை அணைத்தபடி. இந்த நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். பற்றரி நிரம்பி வரும்போது போன் தானாகவே கரண்டைக் குறைக்கும். 85 சதவீதத்தில் அளந்துவிட்டு வயரைக் குற்றம் சொல்லக்கூடாது. மீற்றர் 4.94 வோல்ற், 0.53 அம்பியர் என்றது. அதாவது இரண்டரை வாட் அளவு. இப்போதைய 5000 மில்லி அம்பியர் மணிநேரப் பற்றரி ஒன்றை இப்படி நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும். அதற்குள் போன் தானும் கொஞ்சம் தின்னும்.

0.53 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது. யூஎஸ்பி வயருக்குள் சிவப்பு, கறுப்பு தவிரப் பச்சை, வெள்ளை என்று இரண்டு தகவல் வயர்கள் உண்டு. சாதாரண அடாப்டருக்குள் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று தொடுத்து வைத்திருப்பார்கள். போன் அதைப் பார்த்துத்தான் 'இது கணினி இல்லை, சார்ஜர், கூட எடுக்கலாம்' என்று முடிவு செய்யும். அந்த வயர்களில் ஒன்று அறுந்தால் போன் அரை அம்பியருக்கு மேல் கேட்காது. அதே எண் இங்கேயும் வருகிறதே?

சந்தேகம் தீர, வீட்டிலிருந்து கொண்டுபோன என் அடாப்டரை அதே வயரில் மாட்டினேன். 0.67 ஆனது. தகவல் வயர் அறுந்திருந்தால் எந்த அடாப்டர் போட்டாலும் அரை அம்பியருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும். எண் நகர்ந்ததால் அந்தக் காரணம் விலகியது. ஆனால் 0.67ம் போதாது. என் அடாப்டரோடு என் ஒரு மீற்றர் தடித்த வயரையும் போட்டபோது அதே போன் 1.85 அம்பியர் இழுத்தது. போனில் குறையில்லை.

இப்போது வயரை மட்டும் தனியே அளக்க வேண்டும். மல்ரிமீற்றரை ஓம் பக்கம் திருப்பி இரண்டு முனையிலும் வைத்தால் போதும் என்று பலர் நினைப்பார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. மீற்றரின் சொந்த வயர்களைத் தொட்டுப் பார்த்தாலே 0.3 ஓம் காட்டும். நாங்கள் தேடும் அளவும் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அறுந்ததா இல்லையா என்று அறிய மட்டுமே ஓம் அளவு சரி. வயருக்குள் கரண்டை ஓடவிட்டு, இரு முனையிலும் வோல்ற்றை அளப்பதுதான் வழி.

பலகையில் ஒரு ரெசிஸ்டரை ஒட்டினேன். 5 வோல்ற்றில் அது ஏறக்குறைய ஒரு அம்பியர் இழுக்கும், 5 வாட் சூடாகும். ஓட்டுத் துண்டின் மேல் வைக்க வேண்டும். மேசை விரிப்பில் வைத்தால் விரிப்பு உருகும், கை பட்டால் சுடும். அதற்கு முன், சுமை இல்லாதபோது யூஎஸ்பி மீற்றரும் மல்ரிமீற்றரும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்தேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழிக்க வேண்டும், இல்லையென்றால் அது வயரின் தலையில் விழும்.

என் நல்ல அடாப்டரில் மாமியின் நீள வயரை மாட்டினேன். அடாப்டர் பக்கம் 5.05 வோல்ற், 0.90 அம்பியர். மறுமுனையில், பலகையின் VBUS, GND இரண்டிலும் மல்ரிமீற்றரைத் தொட்டால் 4.22 வோல்ற். அடாப்டர் பக்க வோல்ற் V1, மறுமுனை வோல்ற் V2, கரண்ட் I என்றால் வயரின் தடை R இப்படி வரும்.

```
R = (V1 - V2) / I
R = (5.05 - 4.22) / 0.90 = 0.92
```

0.92 ஓம். போகும் வயர், திரும்பும் வயர், இரு முனைச் செருகிகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. என் ஒரு மீற்றர் வயரை இதே மாதிரி அளந்தால் 0.23 ஓம். நீளம் இரு மடங்கு, தடை நான்கு மடங்கு. அப்படியென்றால் நீளம் மட்டும் காரணமில்லை, உள்ளே செம்பும் மெல்லிசு. வோல்ற் காட்டும்போது முனைகளை அசைத்தும் பார்த்தேன், எண் துள்ளவில்லை. செருகி தளர்ந்திருந்தாலோ கழுத்தில் இழை அறுந்திருந்தாலோ அங்கே துள்ளும். இது பிறவியிலேயே மெல்லிய வயர். பிறகு வெட்டிப் பார்த்தேன். வெளியே கயிறு மாதிரித் தடித்த பின்னல், உள்ளே தலைமயிர் போல நாலைந்து இழை.

தோட்டக்கிணற்று மோட்டருக்கு வீட்டிலிருந்து மெல்லிய வயரை இழுத்தால் மோட்டர் முனகுமே, நடப்பது அதேதான். வித்தியாசம் ஒன்று: மோட்டர் முனகிக்கொண்டே இழுக்கும், போன் இழுக்காது. வந்து சேரும் வோல்ற் நாலரைக்குப் பக்கத்தில் இறங்கினால், போனின் சார்ஜ் சில்லு கரண்டைக் குறைத்து அந்த வோல்ற்றைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் போன் எந்த எச்சரிக்கையும் காட்டாது. சார்ஜ் ஆகிறது என்றே சொல்லும், மெதுவாக ஏறும்.

வயர் ஒரு குற்றவாளி. ஆனால் மாமியின் அடாப்டரில் 0.53, என்னுடையதில் 0.67 என்ற வித்தியாசம் இன்னும் மிச்சம் இருந்தது. அவருடைய அடாப்டரில் என் நல்ல வயரை மாட்டிப் போனைப் போட்டேன். 1.85 வரவேண்டிய இடத்தில் 1.20 தான் வந்தது, அதோடு அடாப்டர் வாசலிலேயே வோல்ற் 4.71. இது வயரைத் தாண்டிய குறை.

பிறகு ரெசிஸ்டரால் சோதித்தேன். சுமை இல்லாதபோது இரண்டு அடாப்டரும் 5.12 காட்டின. சும்மா செருகி வோல்ற் பார்த்து 'நல்ல அடாப்டர்' என்று சொல்வதில் பொருளில்லை. ஒரு ரெசிஸ்டர் போட்டதும் என்னுடையது 5.04இல் நின்றது, மாமியுடையது 4.79க்கு இறங்கியது. இரண்டு ரெசிஸ்டரையும் பக்கப்பக்கமாக இணைத்ததும் என்னுடையது 1.93 அம்பியரில் 4.97, மாமியுடையது 1.76 அம்பியரிலேயே 4.52. நான் வைத்துக்கொள்ளும் எல்லை 4.75. எழுதிய கரண்டைக் கொடுக்கும்போது அதற்குக் கீழே போனால் அந்த அடாப்டரை நம்பமாட்டேன். பழசான அடாப்டர்களில் வெளிப்பக்கக் கப்பாசிற்றர் காய்ந்து இப்படி ஆவதுண்டு. இதில் அதுதானா என்று திறந்து பார்க்கவில்லை. 230 வோல்ற் வரும் அடாப்டரின் உள்ளே 320 வோல்ற்றுக்கு மேல் நேர்மின்னோட்டம் சேர்ந்து நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கலாம். இந்த விலைச் சாமானுக்காக யாரும் திறக்கவேண்டாம்.

மாமியின் லைன் கதையையும் விடவில்லை. பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் உள்ளே வரும் வோல்ற்றைக் காட்டும். மோட்டர்கள் ஓடும் பின்னேரத்தில் அதில் 188. ஊர் அடங்கிய பிறகு 228. இரண்டு நேரமும் ஒரே அடாப்டர், ஒரே ரெசிஸ்டர் வைத்து அளந்தேன். வெளியே வந்த வோல்ற்றில் வித்தியாசம் 0.01. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்ணையும் தானே வாசித்தார். "அப்ப கரண்டில பிழையில்லையோ?" என்றார். பிரிட்ஜுக்கும் மோட்டருக்கும் பிழைதான், போனுக்கு இல்லை என்றேன்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. ரெசிஸ்டர் அடாப்டரோடு பேசாது, அதனால் வேகச் சார்ஜ் அடாப்டர்களும் 5 வோல்ற்றிலேயே நிற்கும். 9 வோல்ற்றுக்கு ஏறும் பக்கத்தில் குறை இருந்தால் இதில் தெரியாது. வயரும் அடாப்டரும் தேறிய பிறகும் மெதுவாக ஏறினால் போனின் சொக்கெட்டைப் பார்க்கலாம். எங்கள் புழுதிக்கு அதற்குள் தூசும் பஞ்சும் அடைந்து இறுகியிருப்பது சாதாரணம். போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்லக் கிளறி எடுக்க வேண்டும், ஊசி வேண்டாம்.

மாமிக்குப் புது அடாப்டரும் ஒரு மீற்றர் வயரும் வாங்கிக் கொடுத்தேன். வாங்கும்போது மீற்றரைக் கடைக்கே கொண்டுபோய், என் போனைச் செருகிப் பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரர் மறுக்கவில்லை. ஆனால் வயர் கட்டில் வரை எட்டாதே என்று மாமி குறைப்பட்டார். அதற்கு நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைக் கட்டில் தலைமாட்டுக்குச் சுவரோரமாகக் கொண்டுவந்தேன். நீளம் வேண்டுமென்றால் 230 பக்கத்தில் நீட்டவேண்டும். அங்கே ஓடுவது மிகச் சிறிய கரண்ட், அதில் ஒரு வோல்ற் போனாலும் அடாப்டருக்குத் தெரியாது. 5 வோல்ற் பக்கத்தில் அரை வோல்ற் போனாலே மேலே பார்த்த கதைதான்.