64 ஜிபி என்று காட்டும் 8 ஜிபி: போலி பென் டிரைவைச் சோதித்துப் பிடிக்கும் முறை

போலி பென் டிரைவைச் சோதிக்கும்போது பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். ஒரு பெரிய வீடியோவை அதில் காப்பி செய்து, உடனே திறந்து பார்ப்பார்கள். வீடியோ ஓடும். டிரைவ் நல்லதுதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் இந்தச் சோதனையில் போலி டிரைவும் தேறிவிடும். அது எப்படித் தேறுகிறது என்பது பிடிபட்டுவிட்டால், சரியான சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பென் டிரைவுக்குள் தகவல் தங்கும் மெமரி சிப் ஒன்று, அதை ஆளும் கன்ட்ரோலர் ஒன்று. "உன் கொள்ளளவு எவ்வளவு?" என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது கன்ட்ரோலர். போலி டிரைவில் கன்ட்ரோலரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, உள்ளே 8 ஜிபி சிப் இருந்தாலும் 64 என்று சொல்ல வைத்திருப்பார்கள். கணினி அதை அப்படியே நம்பும். அதனால் ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் அளவு எதற்கும் சாட்சி ஆகாது. குவிக் ஃபார்மேட் நல்லபடி முடிவதும் அப்படித்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணைப் பகுதியை மட்டும் அது எழுதிவிட்டு நின்றுவிடும். இன்னொரு பக்கம், 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59 ஜிபி சொச்சமாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம், மோசடி அல்ல.

8 ஜிபி தாண்டியதும் என்ன நடக்கும்? இரண்டு வகை உண்டு. ஒரு வகை, மேற்கொண்டு வருவதை வாங்கிக்கொண்டு எங்கும் எழுதாமல் விட்டுவிடும். திரும்பப் படித்தால் பூஜ்யமோ குப்பையோ வரும். இன்னொரு வகை சுற்றி வந்து முதலிலிருந்து எழுதும்: ஒன்பதாவது ஜிபி முதலாவதின் மேல் விழும், இருபதாவது ஜிபி நான்காவதின் இடத்தில் விழும். எந்த வகையானாலும் காப்பி பிழையின்றி முடியும். கோப்பின் பெயரும் அளவும் அட்டவணையில் இருப்பதால் ஃபோல்டரில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். திறந்தால்தான் சாயம் வெளுக்கும்: போட்டோவின் மேல்பாதி தெளிவாக இருக்க, கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டையாக நிற்கும். சுற்றி எழுதும் வகையில் அட்டவணையே அழிபட்டால், "You need to format the disk" என்ற செய்தி திடீரென்று வந்து நிற்கும்.

இப்போது அந்த வீடியோ சோதனைக்கு வருவோம். சுற்றி எழுதும் டிரைவில் கடைசியாக எழுதியது எப்போதும் நலமாகவே இருக்கும். அழிந்தது முன்பு எழுதியது. நீங்கள் திறந்து பார்ப்பதோ கடைசியாக எழுதியதை. போதாததற்கு, சற்றுமுன் காப்பி செய்த கோப்பைக் கணினி தன் ராமிலிருந்தே எடுத்துக் காட்டக்கூடும். டிரைவைத் தொடக்கூட வேண்டியதில்லை. ஒரே கோப்பைப் பல பிரதி எடுத்து நிரப்புவதும் உதவாது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலும் உள்ளடக்கம் ஒன்றுதான் என்பதால் பிழை மறைந்துபோகலாம்.

ஆகவே சரியான சோதனை இதுதான்: டிரைவ் முழுவதையும், இடத்துக்கு இடம் வேறுபட்ட தகவலால் முதலில் நிரப்பிவிட வேண்டும். பிறகு கழற்றி மீண்டும் செருகி, ஆரம்பத்திலிருந்து முழுவதையும் படித்து ஒப்பிட வேண்டும். கொஞ்சம் எழுதி, கொஞ்சம் படித்து என்று மாற்றி மாற்றிச் செய்தால் சுற்றி எழுதும் டிரைவ் தப்பிவிடும்.

இதற்கென்றே உள்ள மென்பொருள்கள் விண்டோஸில் H2testw, லினக்ஸிலும் மேக்கிலும் F3. இரண்டுமே 1.h2w, 2.h2w என்று 1 ஜிபி கோப்புகளாக நிரப்பும். தொடங்கும் முன் டிரைவைக் காலி செய்துவிடுங்கள். உள்ளே கோப்புகள் இருந்தால் அந்த இடம் சோதனைக்கு வராது. டிரைவ் போலியாக இருந்தால் அந்தக் கோப்புகளும் சோதனையிலேயே அழியக்கூடும். H2testw-இல் all available space என்பதைத் தேர்ந்து Write + Verify அழுத்துங்கள். நேரம் மிச்சம் என்று 1000 எம்பி மட்டும் சோதிப்பவர்கள் உண்டு. போலி டிரைவிலும் முதல் 1000 எம்பி உண்மையான மெமரிதான், அந்த முடிவால் பயனில்லை. முடிந்ததும் கழற்றிச் செருகி, Verify மட்டும் இன்னொரு முறை ஓட்டினால் சந்தேகமே இருக்காது.

லினக்ஸில் டிரைவ் /media/usb-இல் மவுன்ட் ஆகியிருந்தால்:

```
f3write /media/usb
f3read /media/usb
```

இரண்டு கட்டளைக்கும் நடுவில் கழற்றிச் செருகுவதை மறக்க வேண்டாம். நேரம் பிடிக்கும் வேலை இது. விநாடிக்கு 10 எம்பி எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு எழுதுவதற்கே சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

முடிவை எப்படிப் படிப்பது? தாண்டியதை எழுதாமல் விடும் 8 ஜிபி டிரைவில் f3read இப்படிக் காட்டும்:

```
SECTORS      ok/corrupted/changed/overwritten
7.h2w ... 2097152/        0/      0/      0
8.h2w ...  838860/  1258292/      0/      0
9.h2w ...       0/  2097152/      0/      0
```

ஒரு செக்டர் 512 பைட். 2097152 செக்டர் சேர்ந்தால் ஒரு கோப்பு. ஏழாவது கோப்பு வரை குறையில்லை, எட்டாவதில் சுமார் 0.4 ஜிபி வரை சரி, அதன்பின் ஒன்றுமே இல்லை. கூட்டினால் 7.4 ஜிபி. 8 ஜிபி சிப் கணினிக்குத் தெரியும் அளவும் அதுதான். நல்ல பகுதி ஓர் இடத்தில் அறுத்துவிட்டதுபோல் முடிவதுதான் போலியின் அடையாளம். எண்கள் overwritten பத்தியில் குவிந்தால் அது சுற்றி எழுதும் வகை. அப்போது முன் கோப்புகள் கெட்டு, கடைசிக் கோப்புகள் நன்றாக இருக்கும். இப்படி இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செக்டர் மட்டும் கெட்டிருந்தால், கொள்ளளவு உண்மையாகவே இருக்கலாம், சிப் பழுதாகியிருக்கும். வைத்துக்கொள்ள அதுவும் தகுதியற்றதுதான், ஆனால் குற்றம் வேறு.

1 டிபி என்று சொல்லும் டிரைவை அதே வேகத்தில் நிரப்ப 28 மணி நேரம் போகும். அதற்கு f3probe இருக்கிறது. சில இடங்களை மட்டும் தேர்ந்து எழுதிப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். பெரும்பாலும் சில நிமிட வேலை.

```
lsblk
sudo f3probe --destructive --time-ops /dev/sdb
```

இந்தக் கட்டளை டிரைவில் இருப்பதை அழிக்கும். /dev/sdb என்ற இடத்தில் உங்கள் ஹார்டு டிஸ்க்கின் பெயரைத் தந்துவிட்டால் போனது போனதுதான். lsblk காட்டும் அளவையும் பெயரையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

ஏற்கெனவே கோப்புகள் ஏற்றிவிட்ட டிரைவின் மேல் சந்தேகம் வந்தால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், உள்ளதை முதலில் வேறிடத்துக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பையும் திறந்து கடைசிவரை பாருங்கள். சின்னப் படம் தெரிவதை நம்ப வேண்டாம். மேலெழுதப்பட்டதும், எழுதப்படாமலே போனதும் எந்த மீட்பு மென்பொருளிலும் திரும்பாது.

போலி என்று உறுதியானதும் f3probe தரும் எண்ணை வைத்து f3fix மூலம் உண்மையான அளவுக்கு மட்டும் ஒரு பார்ட்டிஷன் போடலாம். அது பார்ட்டிஷனைத்தான் மாற்றும், ஃபர்ம்வேரை அல்ல. யாராவது அந்த பார்ட்டிஷனை நீக்கிப் புதிதாகப் போட்டால் டிரைவ் மறுபடியும் 64 என்றே சொல்லும். எனவே அப்படிச் சரிசெய்த டிரைவின் மேல் உண்மையான அளவை எழுதி ஒட்டிவிடுங்கள், வேறு பிரதி இல்லாத கோப்பை அதில் வைக்காதீர்கள்.