தீபாவளிப் பதிவு போடும் முன்

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

பலகார ஆர்டருக்கான இன்ஸ்டாகிராம் வாசகத்தை இன்று எழுதி முடித்தேன். போன வருடம் பட்டது இன்னும் மறக்கவில்லை. “ஆர்டர் கடைசி நாள் அக்டோபர் 26, ஞாயிறு” என்று போட்டிருந்தேன். 26 சனிக்கிழமை. ஒரு சொல்லில்கூட எழுத்துப்பிழை கிடையாது, ஆனால் தேதியும் கிழமையும் சேரவில்லை. ஞாயிறு வரை நேரம் இருக்கிறது என்று நம்பியவர்கள் மறுநாள் கூப்பிட்டார்கள். மாவு அரைக்கக் கொடுத்தாகிவிட்டது. ஏழு பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் இந்த முறை காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கடைசி நாள் அக்டோபர் 15, புதன். சரிதான்.

அக்டோபர் 8, புதன்

நானே நாலு முறை படித்தேன், எல்லாம் சரியாகத் தெரிந்தது. எழுதியவள் கண்ணுக்கு எழுத நினைத்ததுதான் தெரியும். இரவு அண்ணியிடம் போனைக் கொடுத்து, “சத்தமாகப் படிங்க அண்ணி, எழுத்தை மட்டும் பாருங்க” என்றேன்.

மூன்றாவது வரியில் நிறுத்தினார். “மைதா சேர்த்த முறுக்கா போடுற?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மைதா சேர்க்காத கைமுறுக்கு” என்றுதான் அடிக்க நினைத்தேன். “சேர்” வந்ததும் கீபோர்டு மேலே காட்டிய சொற்களில் பக்கத்துச் சொல்லைத் தொட்டிருக்கிறேன். “சேர்த்த” நல்ல தமிழ்ச்சொல், சிவப்புக் கோடு எப்படி வரும்? மைதா ஒத்துக்கொள்ளாது என்று என்னிடம் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இது போயிருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஓரிடத்தில் “முருக்கு” என்றும் இருந்தது. அப்படி ஒரு மரம் இருப்பதால் அதையும் போன் விட்டுவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று பதிவோடு போடும் படத்தைப் பார்த்தேன். கீழே எழுதும் வாசகத்தைப் போட்ட பிறகும் திருத்தலாம், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. பதிவையே எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். அதற்குள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டால் அது நம் கையில் இல்லை. அதனால் படத்தையும் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களை மட்டும் தனியாக ஒப்பிட்டேன். அதிரசம் அரைக் கிலோ வாசகத்தில் 240, படத்தில் 260. போன வாரம் வெல்லம் விலை ஏறியபோது படத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். வாசகத்தையும் 260 ஆக்கினேன். அப்புறம் அண்ணி இன்னொரு முறை முழுக்கப் படித்தார். திருத்தும்போது புதுப் பிழை நுழையும், அது பழைய அனுபவம்.

கடைசியாகப் போன் நம்பர். மனப்பாடமான எண்ணைக் கண் சரியாகப் படிக்காது. அண்ணியிடமே, படத்தைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அடித்துக் கூப்பிடச் சொன்னேன். அடுப்பு மேடையில் இருந்த என் போன் அடித்தது. மாவுக் கையோடு எடுத்து, “சரி, போட்டுடுங்க” என்றேன்.