தேர்வில் ஒரு மணி நேரம் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

எனக்கு டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கிறது. எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் ஆடும், குதிக்கும் என்றெல்லாம் பலர் நினைத்திருக்கிறார்கள், எனக்கு அப்படி இல்லை. எழுத்து இருந்த இடத்தில்தான் இருக்கும், அதைச் சொல்லாகச் சேர்த்து வாங்கிக்கொள்ளத்தான் நேரம் பிடிக்கும். 'கொ' மாதிரி ஒரு எழுத்துக்கு ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் இன்னொரு பக்கமும் நிற்கும்போது 'கெ' என்று படித்துவிட்டு, அடுத்த சொல்லில் பொருள் இடிக்கும்போதுதான் திரும்பி வருவேன். ஆங்கிலத்தில் debtor, creditor இரண்டும் ஒரே வரியில் வந்தால் எது எது என்று இரண்டு முறையாவது விரல் வைத்துப் பார்த்தாக வேண்டும். நான் படித்தது பி.காம்., அதனால் இது எனக்கு அன்றாடப் பிரச்சினை.

2022இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதியபோது எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் அதற்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை, பள்ளியில் தலைமையாசிரியரே விண்ணப்பத்தை வாங்கி, சான்றிதழை இணைத்து, மேலே அனுப்பி, ஆணையையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். (பத்தாம் வகுப்புத் தேர்வுதான் கொரோனாவால் நடக்கவே இல்லையே.) கல்லூரியில் சேர்ந்ததும் அதே மாதிரி யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன். செப்டம்பர் வந்தது, தேர்வுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள், அப்போதும் யாரும் கேட்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு முதல் கடிதத்தை எழுதினேன்.

அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து எனக்குப் படிப்பதில் சிரமம், அம்மா இரவில் பாடங்களை வாசித்துக் காட்டுவார், ஆசிரியர்கள் சோம்பேறி என்றார்கள், எட்டாம் வகுப்பில்தான் கற்றல் குறைபாடு என்று தெரிந்தது என்று முக்கால் பக்கம் போகிறது. கடைசியில், 'எனவே கருணை அடிப்படையில் எனக்குக் கூடுதல் நேரம் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை, எந்தத் தேர்வுகளுக்கு என்று சொல்லவில்லை, எந்த விதியின்படி என்பதும் இல்லை. பதினான்கு வயதில் வாங்கிய சான்றிதழின் நகலை இணைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து கல்லூரி முதல்வர் அலுவலகம் வழியாகத் திரும்பி வந்தது. இரண்டே காரணங்கள் எழுதியிருந்தார்கள்: சொல்வதை எழுதுபவர் உதவி கேட்கும் மாணவர்களுக்குத்தான் கூடுதல் நேரம், சான்றிதழ் நடப்பில் இல்லை. முதல் பருவத் தேர்வை எல்லோருக்கும் கொடுத்த மூன்று மணி நேரத்திலேயே எழுதினேன். நிதிக் கணக்கியல் தாளில் இறுதிக் கணக்கு ஒன்று வந்தது, இருப்பாய்வுக்குக் கீழே ஆறு சரிக்கட்டல்கள், அதாவது கணக்கை முடிக்கும்முன் படித்துச் சேர்க்க வேண்டிய திருத்தக் குறிப்புகள். நான்காவதைப் படித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. கணக்கு தெரியாமல் விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தெரிந்த கணக்கு அது. அந்தத் தாளில் அரியர் விழுந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். திரும்பி வந்த கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, இதைப் படிச்சா பாவமா இருக்கு. ஆனா பாவமா இருக்குன்னு ஃபைல்ல நோட்டு போட முடியாது. நோட்டு போடுறவருக்கு விதி எண் வேணும், தேதி வேணும், நீ கேக்குறது இவ்வளவுன்னு ஒரு கணக்கு வேணும்" என்றார். அதன் பிறகுதான் கடிதத்தை அதைக் கையில் வாங்குகிற ஆளின் மேசையிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் சான்றிதழ். அதில் அலுவலகம் சொன்னது சரிதான். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுக்கு 14 வயதிலும் 18 வயதிலும் மறுசோதனை செய்ய வேண்டும், 18 வயதில் கொடுக்கும் சான்றிதழ்தான் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று அப்போது இருந்தது. இது தெரியாமல் பழைய தாளையே வைத்துக்கொண்டிருந்தேன். அரசு மருத்துவமனைக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. ஒரு நாள் கண்ணும் காதும் பார்த்தார்கள், பார்வையோ செவியோ காரணம் இல்லை என்று உறுதி செய்வதற்காக. இன்னொரு நாள் நுண்ணறிவுச் சோதனை. மூன்றாவது நாள்தான் வாசிப்பு, எழுத்துப்பிழை, கணக்கு என்று நிம்ஹான்ஸ் தொகுப்பு எனப்படும் சோதனைகள். சான்றிதழில் 40 சதவீதம் என்று போட்டார்கள். அந்த எண் முக்கியம், 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் சட்டத்தில் 'பெஞ்ச்மார்க்' ஊனம் என்ற வகையில் வரும்.

அடுத்தது விதி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கற்றல் குறைபாடு பெயரோடு இருக்கிறது, அதன் 17ஆம் பிரிவில் தேர்வில் கூடுதல் நேரம் தருவதும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் எனக்குக் கை கொடுத்தது 29.8.2018 அன்று மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்கள். எழுதுபவரை வைத்துக்கொள்கிறவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் என்று ஒரு வாக்கியம். அதற்கு அடுத்த வாக்கியத்தில், எழுதுபவர் உதவியைப் பயன்படுத்தாத பெஞ்ச்மார்க் ஊனமுள்ளவர்களுக்கும் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்று அப்போது இருந்தது. எனக்கு வந்த மறுப்பு முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்ட மறுப்பு. இரண்டு பக்கம் படிக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, ஆனால் அந்த வரியைக் கண்டதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு எழுதுபவர் வேண்டாம், கை நன்றாக ஓடும். கணக்கை ஒருவரிடம் வாயால் சொல்லிப் பத்தி பத்தியாகப் போட வைப்பது எனக்கு இன்னும் கடினம். வினாத்தாளைப் படிக்கத்தான் நேரம் போகிறது. இதைக் கடிதத்தில் எப்படிக் காட்டுவது? பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, நண்பன் செல்போனில் நேரம் பார்க்க, முதலில் அவன் முழுத்தாளையும் மனதுக்குள் படித்தான், ஏழு நிமிடம். அப்புறம் நான். இருபத்து நான்கு நிமிடம். அதுவும் ஒருமுறை படிக்க மட்டும், விடை எழுதும்போது ஒவ்வொரு சரிக்கட்டலுக்கும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இது மருத்துவச் சோதனை இல்லை, ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு விஷயம் ஒரே வரியில் விளங்கிவிடும் என்று அதையும் சேர்த்தேன்.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. பொருள் என்ற இடத்தில் 'எழுதுபவர் உதவியின்றி, மூன்று மணி நேரத் தேர்வுகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் நேரம் கோருதல்' என்று முழுதாக எழுதினேன். பார்வை என்ற இடத்தில் சட்டம், வழிகாட்டுதலின் தேதி, அவர்கள் அனுப்பிய மறுப்பின் எண். உள்ளே முக்கியமான பகுதி இதுதான்:

'எனக்குள்ள குறைபாடு வாசிக்கும் வேகத்தைப் பாதிக்கிறது, எழுதுவதை அல்ல. எனவே எழுதுபவர் உதவி கோரவில்லை. சென்ற ஆண்டு வினாத்தாள் ஒன்றை ஒருமுறை படிக்க எனக்கு 24 நிமிடங்கள் ஆயின. அதே தாளை வகுப்பு நண்பர் 7 நிமிடங்களில் படித்தார். பார்வை 2இல் கண்ட வழிகாட்டுதல், எழுதுபவர் உதவி பெறாதவர்களுக்கும் கூடுதல் நேரம் தர இடமளிக்கிறது. அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு இணைத்துள்ளேன். இப்படிப்பு முடியும் வரை எல்லாப் பருவத் தேர்வுகளுக்கும் இதை வழங்கி, ஆணையின் நகலைத் தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அம்மா வாசித்துக் காட்டியதை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனசு கேட்கவில்லை, ஆனால் அதற்கு அங்கே வேலை இல்லை. உளவியல் அறிக்கையையும் இணைக்கவில்லை, அதில் நுண்ணறிவு மதிப்பெண் முதற்கொண்டு எல்லாம் இருக்கும், அது எத்தனை மேசைகளைச் சுற்றும் என்று யோசித்தேன். சான்றிதழ் நகல் மட்டும். முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தோடு பிப்ரவரியில் நானே நேரில் கொண்டுபோய்த் தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். மார்ச் நடுவில் போன் செய்தபோது கடிதத்தைக் காணவில்லை என்றார்கள். முத்திரைத் தேதியைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

ஆணை வந்தது, ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த ஒரு பருவத்துக்கு மட்டும்.

முதல் தேர்வு அன்று இன்னொரு சிக்கல். பத்து மணிக்குத் தொடங்கும் தேர்வு, எல்லோருக்கும் ஒரு மணிக்கு முடியும், எனக்கு இரண்டு மணி வரை. 12.50க்கு எச்சரிக்கை மணி அடித்ததும் அறைக் கண்காணிப்பாளர் என் மேசையில் வந்து நின்று தாளைக் கட்டச் சொன்னார். ஆணை மையத்துக்கு வந்திருந்தது, அலுவலக அறையிலேயே இருந்துவிட்டது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு விடைத்தாள்களை எண்ணிக் கட்டி முத்திரை வைக்க வேண்டும் என்பது அவருடைய பதற்றம், அதையும் குறை சொல்ல முடியாது. என்னிடம் இருந்த நகலைக் காட்டினேன், முதன்மைக் கண்காணிப்பாளர் வந்து, என்னை வேறு அறைக்கு மாற்றினார். இதில் பதினைந்து நிமிடம் போனது, அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. அடுத்த தேர்விலிருந்து 9.30க்கே போய் முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்த்து, தொடக்கத்திலேயே தனி அறையில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பருவத்தில் அரியர் தாளையும் எழுதினேன். சரிக்கட்டல்கள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றையும் படித்து, பதிந்த பிறகு பென்சிலால் டிக் போட்டு, கடைசியில் இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் ஒத்துவந்தபோது மணி 1.35. மீதி நேரத்தில் குறுவினாக்களை மறுபடி படித்தேன், 'not' என்ற சொல்லைத் தவறவிட்ட ஒரு வினா அப்போதுதான் கண்ணில் பட்டது. நான்காவது மணி நேரத்தில் கண்ணும் தலையும் களைத்துப் போகும் என்பதும் உண்மைதான், அதனால் படிக்க அதிகமுள்ள வினாக்களை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கப் பழகிக்கொண்டேன்.

ஆணை ஒரு பருவத்துக்கு மட்டும் என்பதால் அதே கடிதத்தை இன்னும் நான்கு முறை கொடுத்தேன். பார்வையில் முந்தைய ஆணையின் எண்ணைச் சேர்ப்பேன், தேதியை மாற்றுவேன், மற்றபடி ஒரு சொல்லும் மாறாது. தேர்வுக் கட்டணம் கட்டும் அதே நாளில் தபால் பிரிவில் முத்திரை வாங்கிவிடுவேன். நான்கு முறையும் ஆணை வந்தது, ஐந்தாம் பருவத்தில் மட்டும் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால்.